அத்த பேரு வர வேண்டிய எடத்துல வேற பேரு வந்த ஞாயித்துக்கிழமை

திருச்சில எங்க மாமா ஒரு டிபன் கடை வச்சிருக்காரு. காலைல 6 மணிக்கு இட்லி, பொங்கல், தோசைன்னு ஆரம்பிச்சா 11 மணி வரைக்கும் ஓடும், அப்புறம் சாயங்காலம் திரும்ப. கடைல க்யூஆர் ரெண்டு எடத்துல இருக்கு. கல்லாப்பெட்டி மேல ஒரு அக்ரிலிக் ஸ்டாண்டு, அது ராத்திரி உள்ள போயிடும். இன்னொன்னு வாசல் தூண்ல ஒட்டின பெரிய ஸ்டிக்கர், பார்சல் வாங்க நிக்கிறவங்க உள்ள வந்து கூட்டம் போட வேணாம்னு ஒட்டினது, அது ஷட்டருக்கு வெளிய இருக்கறதால ராத்திரியும் அங்கதான் இருக்கும். ரெண்டுமே ஒரே அக்கவுண்ட்தான், அந்த அக்கவுண்ட் அத்த பேர்ல இருக்கு. அதனால யாரு ஸ்கேன் பண்ணாலும் போன்ல கடை பேரு வராது, அத்தையோட பேருதான் வரும். இத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி இதுதான் முக்கியம்.

போன வருஷம் புரட்டாசில ஒரு ஞாயித்துக்கிழமை நடந்தது இது. புரட்டாசில பாதி வீட்ல கவுச்சி கெடையாது, அதனால ஞாயிறு காலைல டிபனுக்கு நல்ல கூட்டம் இருக்கும். நானும் அன்னைக்கு கடைக்கு ஒத்தாசைக்கு போயிருந்தேன், பார்சல் கட்டிக்கிட்டு இருந்தேன். சவுண்ட் பாக்ஸ் பாட்டுக்கு "40 ரூபாய் பெறப்பட்டது, 75 ரூபாய் பெறப்பட்டது"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. யாருக்கும் எந்த சந்தேகமும் வரல.

9:40 இருக்கும், பக்கத்து மெஸ்ஸு லீவுன்னா எங்க கடைக்கு வர்ற ஒரு காலேஜ் தம்பி தூண்கிட்ட நின்னு ஸ்கேன் பண்ணிட்டு, போன கைல வச்சுக்கிட்டே உள்ள வந்து மாமாகிட்ட, "அண்ணே, அக்கவுண்ட் மாத்திட்டீங்களா, எப்பவும் அக்கா பேருல்ல வரும், இன்னைக்கி வேற யாரோ ஆம்பள பேரு வருது, நான் முன்னாடி போட்ட காசு எதையுமே காட்டல"ன்னு கேட்டாப்ல. பின் நம்பர் இன்னும் அடிக்கல. மாமா போன வாங்கி பாத்தாரு, அந்த பேர்ல எங்க குடும்பத்துல மட்டுமில்ல, கடைல வேலை பாக்குறவங்கள்ல கூட யாரும் கெடையாது.

நான் தூண்கிட்ட போய் ஸ்டிக்கர கிட்ட வச்சு பாத்தேன். தூரத்துலருந்து பாத்தா வித்தியாசமே தெரியாது, அதே கலரு, அதே லோகோ, கீழ எங்க கடை பேரு கூட அதே எழுத்துல அச்சடிச்சிருந்தாங்க. யாரோ முன்னாடி வந்து ஒரிஜினல போட்டோ எடுத்துட்டு போயிருக்கணும். ஆனா கிட்ட பாத்தா கீழ்ப்பக்கம் பழைய ஸ்டிக்கரோட ஓரம் நூல் அளவுக்கு வெளிய தெரிஞ்சுச்சு, வலது மூலைல காத்துக் கொப்புளம், விரல வச்சு தடவுனா ரெண்டு அடுக்குன்னு தெரியுது. நகத்த விட்டு இழுத்தேன், முழுசா வந்துடுச்சு. அடியில எங்களோடது அப்படியே இருக்கு. சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு கடை சாத்துனதுக்கு அப்புறம் எப்பவோ ஒட்டியிருக்காங்க.

சவுண்ட் பாக்ஸ் இருந்தும் எப்படி தெரியாம போச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. கல்லா மேல இருந்த ஸ்டாண்டு ஒரிஜினல், அதுல வந்த காசுக்கு பாக்ஸ் சரியா சத்தம் குடுத்துச்சு. தூண்ல போட்ட காசு அத்த அக்கவுண்டுக்கே வரல, அதனால அதுக்கு சத்தம் இல்ல. பாக்ஸ் மொத்தமா ஊமையா இருந்திருந்தா 10 நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்போம், பாதிக்கு சத்தம் வந்ததாலதான் மீதிக்கு வராதது காதுல படல. தூண்கிட்ட போட்டவங்க பச்சை டிக்கு வந்த ஸ்கிரீன தூக்கி காட்டுவாங்க, நாங்களும் தலைய ஆட்டிட்டு பார்சல குடுப்போம். அந்த டிக்கு பொய்யும் இல்ல, காசு நெஜமாவே போயிருக்கு, வேற ஆளுக்கு போயிருக்கு.

மத்தியானம் உக்காந்து கணக்கு பாத்தோம். முந்தின ஞாயிறு காலை வியாபாரம் சுமாரா 9,000 ரூபா. அன்னைக்கும் மாவு அதே அளவு, 9:40க்கே முக்கால்வாசிக்கு மேல காலி, மிச்சமும் 11க்குள்ள தீந்துடுச்சு. ஆனா கல்லால ரொக்கம் 3,100, அத்த அக்கவுண்ட்ல 3,450, மொத்தம் 6,550தான். ஆக ஏறக்குறைய 2,450 ரூபா போயிருக்கு. துல்லியமா சொல்ல முடியாது, ஏன்னா அந்த பேமெண்ட் எதுவுமே எங்க ஸ்டேட்மெண்ட்ல கெடையாது. எங்க பேங்கு பக்கத்துலருந்து பாத்தா அன்னைக்கு ஒண்ணுமே நடக்கல. இந்த மோசடியில கடைக்காரர் நெலமை அதுதான், பணம் போனதுக்கு அவர் கைல ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது, ஆதாரம் எல்லாம் வாடிக்கையாளர் போன்லதான் இருக்கும்.

தெரிஞ்ச வாடிக்கையாளர்கள ஒவ்வொருத்தரா கேட்டு, அன்னைக்கு தூண்ல போட்டவங்க 11 பேரு கெடைச்சாங்க. அவங்ககிட்ட நான் கேட்டது ஒரே கேள்விதான், ஸ்கேன் பண்ணதும் வந்த பேர பாத்தீங்களா. ஏழு பேரு பாக்கவே இல்ல, நேரா தொகைய அடிச்சு பின் போட்டுட்டாங்க. நாலு பேரு பாத்திருக்காங்க! பாத்தும் போட்டிருக்காங்க. அதுல ஒரு ரிட்டயர்டு சார், எல்லாத்துலயும் ரொம்ப கவனமான ஆளு, அவர் சொன்னது எனக்கு இன்னும் மனசுல இருக்கு: "பாத்தேன் தம்பி, ஆனா எந்தக் கடைல தான் கடை பேரு வருது, எல்லா எடத்துலயும் பையன் பேரு மச்சான் பேருன்னு ஏதோ ஒரு ஆள் பேருதான் வருது, உங்க கடையும் அப்படித்தான்னு நெனச்சேன்."

அவர குத்தம் சொல்லவே முடியாது. அத்த பேருதான வந்துக்கிட்டு இருந்துச்சு, அது எங்க கடை பேரா? இல்லையே. கடைக்கும் பேருக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி வர்றத நாங்களே வாடிக்கையாளருக்கு பழக்கி வச்சிருந்தோம், பழகின கண்ணு அந்த வரிய தாண்டி போயிடுச்சு. திருடனுக்கு எங்க ஸ்டிக்கர நல்லா காப்பி அடிச்சது பாதி உதவின்னா, இந்தப் பழக்கம் மீதிப் பாதி.

இப்ப அந்தப் பேரு எங்கருந்து வருதுன்னு சொல்றேன், அது தெரிஞ்சாதான் அத ஏன் நம்பலாம், எது வரைக்கும் நம்பலாம்னு புரியும்.

கடைல ஒட்டியிருக்கற க்யூஆர் பூட்டோ சாவியோ இல்ல, அது வெறும் எழுத்து. அந்தக் கட்டங்கள பிரிச்சா உள்ள இந்த மாதிரி ஒரு வரி இருக்கும்:

```
upi://pay?pa=kadai001@bank&pn=Tiffin%20Kadai&cu=INR
```

இதுல `pa` தான் யுபிஐ ஐடி, காசு போய் சேர்ற முகவரி. `pn` பேரு, `cu` கரன்சி. எங்க தூண்ல ஒட்டின போலி ஸ்டிக்கரோட கதை இப்படித்தான் இருந்திருக்கும்:

```
upi://pay?pa=vera007@bank&pn=Tiffin%20Kadai&cu=INR
```

பேரு அதேதான், முகவரி மட்டும் வேற. `pn`ல என்ன வேணா எழுதலாம், எழுதுறவன் இஷ்டம், யாரும் சரிபாக்குறதில்ல. முன்னாடி பல ஆப்புல இந்த `pn`ல இருக்கறதையோ, இல்ல உங்க போன்ல நீங்க அந்த நம்பரை சேவ் பண்ணி வச்ச பேரையோ காட்டிடும். அப்ப நீங்க பேர பாத்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல, திருடன் எழுதின பேரயே உங்களுக்கு திரும்ப காட்டும்.

2025 ஏப்ரல்ல, யுபிஐய நடத்துற என்பிசிஐ ஒரு சுற்றறிக்கை விட்டாங்க. தனி ஆளுக்கு அனுப்புறதுலயும், சின்ன வியாபாரிகளுக்கு போடுறதுலயும், பின் போடுறதுக்கு முன்னாடி வர்ற ஸ்கிரீன்ல க்யூஆர்ல எழுதின பேரயோ போன்ல சேவ் பண்ண பேரயோ காட்டக் கூடாது, பேங்குல பதிவாகி இருக்கற பேர மட்டும்தான் காட்டணும்னு. எல்லா ஆப்பும் 2025 ஜூன் 30க்குள்ள இத செஞ்சிருக்கணும். இப்ப என்ன நடக்குதுன்னா, நீங்க ஸ்கேன் பண்ணதும் ஆப்பு அந்த `pa` முகவரிய எடுத்து, இது யாருதுன்னு யுபிஐ வழியா கேக்குது, அந்த முகவரிய வச்சிருக்கற பக்கத்துலருந்து பதிவான பேரு திரும்பி வருது, அததான் மேல காட்டுது. சில ஆப்புல "Banking name"னு தனியா ஒரு வரியாவே போட்டிருக்கும்.

ஆக காகிதத்துல இருக்கற கடை பேரு, லோகோ, கலரு எல்லாம் ஒட்டினவன் சொல்றது. போன்ல வர்ற அந்த ஒரு வரி மட்டும்தான் காகிதத்த தொடாம வேற வழியா வந்தது. எங்க கடை ஸ்டிக்கர்ல கடை பேரு சரியா இருந்துச்சு, போன் மட்டும்தான் உண்மைய சொல்லுச்சு, அதுவும் அன்னைக்கு காலைல தூண்ல போட்ட ஒவ்வொருத்தர் போன்லயும் சொல்லியிருக்கு.

அத கேக்க வேண்டிய நேரம் பின் அடிக்கிறதுக்கு முன்னாடி மட்டும்தான். பின் அடிச்சா "இந்த முகவரிக்கு, இவ்வளவு தொகைய குடு"ன்னு நீங்களே உத்தரவு குடுத்ததா அர்த்தம், சில விநாடில அந்த அக்கவுண்ட்ல வரவாயிடும். செக்கு மாதிரி நிறுத்தி வைக்க வழி இல்ல, கேன்சல் பட்டனும் கெடையாது. பேங்குல போய் ஏமாத்திட்டாங்கன்னு சொன்னாலும், பின் நீங்கதான போட்டீங்கன்னுதான் மொத கேள்வி வரும்.

எங்க கடைல நடந்தது புதுசும் இல்ல. 2025 ஜனவரில மத்தியப் பிரதேசத்துல கஜுராஹோல, கோயிலுக்கு ஊர் உலகத்துலருந்து ஆளு வர்ற ஊரு, அங்க இதே மாதிரி ராத்திரியோட ராத்திரியா பல கடைலயும் பெட்ரோல் பங்குலயும் இருந்த க்யூஆர் மேல வேற க்யூஆர ஒட்டிட்டு போயிட்டாங்க, ஒட்டுறது சிசிடிவில பதிவாயிருந்துச்சு. அங்கயும் ஒரு மெடிக்கல் கடைல வெளிய வந்தது எப்படின்னா, ஸ்கேன் பண்ண வாடிக்கையாளர் பேரு வேறயா வருதேன்னு சொன்னதாலதான். அந்த செய்திய நான் எங்க கடைல நடந்ததுக்கு அப்புறம்தான் தேடிப் படிச்சேன், முன்னாடியே படிச்சிருந்தா தூண் ஸ்டிக்கர வெளிய விட்டிருக்கவே மாட்டேன்.

சரி, பேரு மாறி வந்தா உடனே திருட்டுன்னு முடிவு பண்ணலாமா? கூடாது. அப்படி பாத்தா ஊர்ல பாதி கடைல காசே குடுக்க முடியாது. அக்கவுண்ட் பொண்டாட்டி பேர்ல இருக்கும், கடை கை மாறியிருக்கும் ஆனா போர்டு பழசா இருக்கும், பெரிய கடைன்னா போர்டுல ஒரு பேரு கம்பெனி பதிவுல ஒரு பேரு. அதனால நான் இப்ப செய்யறது, பேர வாய்விட்டு சொல்லிடறேன். "அண்ணே, இந்த பேரு வருது, உங்களுதுதான?" அவ்வளவுதான். கடைக்காரர் யோசிக்காம "ஆமா தம்பி, அது என் தம்பி பேரு"ன்னு சொன்னா போட்டுடலாம். அவரு ஒரு நொடி முழிச்சாலோ, "யாரு?"ன்னு திருப்பி கேட்டாலோ பின் அடிக்காதீங்க. ஒண்ண கவனிங்க, "பேரு சரியா வருதா?"ன்னு பொதுவா கேக்காதீங்க, வேலை மும்முரத்துல ஆமா ஆமான்னுதான் சொல்லுவாங்க, எங்க மாமாவே அப்படித்தான் சொல்லியிருப்பாரு. பேர சொல்லி கேட்டாதான் காதுல ஏறும்.

வழக்கமா போற கடைன்னா இன்னொரு அடையாளம் இருக்கு, அந்த காலேஜ் தம்பி பிடிச்சது அததான். நெறைய ஆப்புல ஒரே ஐடிக்கு முன்னாடி காசு போட்டிருந்தா பழைய பேமெண்ட் எல்லாம் வரிசையா தெரியும். பத்து தடவ சாப்ட்ட கடைல ஸ்கேன் பண்ணி அந்த எடம் காலியா இருந்தா, ஒண்ணு கடைக்காரரு க்யூஆர் மாத்தியிருக்கணும், இல்ல வேற யாரோ மாத்தியிருக்கணும்.

ஆனா பேரு பாக்குறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. அந்த வரி சொல்றது இந்த அக்கவுண்ட் இவர் பேர்ல பதிவாகியிருக்குன்னு மட்டும்தான், இவர்தான் கடைக்காரர்னு சொல்லல, நல்லவர்னும் சொல்லல. இந்த மாதிரி வேலை செய்யறவங்க பெரும்பாலும் சொந்த அக்கவுண்ட வைக்கறதில்ல, யாரோ ஏழை பாழைக்கு ரெண்டாயிரம் மூவாயிரம் குடுத்து அவங்க அக்கவுண்ட வாடகைக்கு வாங்கி வச்சுக்குவாங்க. அதனால ஸ்கிரீன்ல வந்த பேருக்காரரே வந்து ஒட்டினாருன்னு நெனச்சு அந்த பேரு வச்சு யாரையாவது தேடிப் போய் சண்டை போடாதீங்க. அதே மாதிரி கடை பேரு "ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்"னு ஊருக்கு பத்து இருக்கற பேருன்னா, அதே பேர்ல வேற அக்கவுண்ட் இருக்க முடியாதுன்னு இல்ல. அப்ப பேரு மட்டும் போதாது, காசு போட்டதும் கடைக்காரர் பாக்ஸ்ல உங்க தொகை சத்தமா வருதான்னு நின்னு கேட்டுட்டு நகருங்க. வரலன்னா போன காசு திரும்பாது, ஆனா அடுத்த ஆளோட காசாவது போகாது.

புகார் கதையையும் சொல்லிடறேன். மாமா அன்னைக்கே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் பண்ணாரு. அவங்க கேட்டது பணம் யாரு அக்கவுண்ட்லருந்து போச்சு, எந்த பேங்கு, எவ்வளவு, பரிமாற்ற நம்பர் என்னன்னு. மாமாகிட்ட ஒண்ணுமே இல்ல, காசு அவர் அக்கவுண்ட்லருந்து போகவே இல்லையே. பணம் போட்டவங்கதான் சொல்ல முடியும். அந்த 11 பேரும் சேந்து போட்டது மொத்தம் 1,015 ரூபா, ஆளுக்கு 50, 80, 140 அந்த மாதிரி. 60 ரூபாய்க்கு யாரு போன் பண்ணி காத்திருந்து புகார் குடுப்பா? சாப்பாடும் கெடைச்சிடுச்சு, அவங்களுக்கு நஷ்டமும் இல்ல. இந்தத் திருட்டு சின்னக் கடைய குறி வைக்கறதுக்கு இதுதான் காரணம்னு எனக்கு தோணுது, ஒவ்வொரு துண்டும் புகார் குடுக்க முடியாத அளவுக்கு சின்னது, நஷ்டப்பட்டவன் கைல ஆதாரம் இல்ல, ஆதாரம் இருக்கறவனுக்கு நஷ்டம் இல்ல.

140 ரூபா போட்ட அந்த ரிட்டயர்டு சார் மட்டும் விடல. அவரே 1930க்கு அடிச்சு, ஆப்புல ஹிஸ்டரிய தெறந்து அந்த 12 இலக்க யுடிஆர் நம்பர சொல்லி பதிவு பண்ணாரு, cybercrime.gov.inலயும் போட்டாரு. அந்த பதிவு நம்பரையும் உரிச்ச ஸ்டிக்கரையும், மத்தவங்க அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்டையும் எடுத்துக்கிட்டு மாமா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தாரு. ஸ்டிக்கர நான் கசக்கித் தூக்கிப் போடப் போனேன், சார்தான் தடுத்து கவர்ல போட்டு வைக்க சொன்னாரு. பணம் இன்னும் வரல.

கடைல இப்ப தூண்ல ஸ்டிக்கர் கெடையாது. ரெண்டாவதா இன்னொரு ஸ்டாண்டு வாங்கி காலைல வெளிய வைக்கறோம், ராத்திரி உள்ள எடுத்துடறோம், கடை தெறந்ததும் மாமா தானே ரெண்டுலயும் ஒரு ரூபா போட்டு பாக்ஸ்ல சத்தம் வருதான்னு பாத்துட்டுதான் அடுப்பு பத்த வைக்கறாரு. அப்புறம் உள்ள செவுத்துல வெலைப்பட்டியல் போர்டு இருக்குல்ல, இட்லி தோசை வெலைக்கு கீழ பெயிண்ட்லயே எழுதியிருக்கோம், "பணம் போடும்போது இந்தப் பேரு வரணும்"னு, அதுக்கு கீழ அத்தையோட பேரு, பேங்குல இருக்கற அதே எழுத்துல, இனிஷியலோட. க்யூஆர் பக்கத்துல எழுதல, அங்க எழுதினா ஒட்டுறவன் அதையும் சேத்து மறைச்சிடுவான். அத்தைக்கு மொதல்ல தன் பேரு செவுத்துல இருக்கறது கூச்சமா இருந்துச்சு. இப்ப யாராவது ஸ்கேன் பண்ணிட்டு நிமிந்து போர்ட பாத்தாங்கன்னா, உள்ளருந்தே "வந்துச்சாப்பா?"ன்னு அத்ததான் மொதல்ல கேக்குறாங்க.